லௌரியா தூணின் அடியில்

வைசாலியிலிருந்து குசிநகர் போகும் வழியில், பீகாரின் பெட்டியாவைத் தாண்டி லௌரியா நந்தன்கட் என்ற ஊருக்குத் திரும்பினோம். புத்தர் தலங்களுக்குப் போகிற பலரும் இங்கே வருவதில்லை. எனக்கோ அசோகரின் தூணைப் பார்க்காமல் போக மனம் வரவில்லை.

வயல்களுக்கு நடுவே ஒரே கல்லில் வழவழவென்று நிற்கிறது. உச்சியில் ஒற்றைச் சிங்கம், அதன் காலடியில் வரிசையாக அன்னங்கள். சிங்கத்தோடு சேர்த்து சுமார் 40 அடி. 19ஆம் நூற்றாண்டில் தொல்லியல் அறிஞர் கன்னிங்காம் இங்கே எழுத்துகளைப் படியெடுத்தபோது, ஒரு குடும்பம் வந்து சிறு கொடி நட்டு, இனிப்பு படைத்து, தரையில் தலை பட வணங்கியதாம். சிவலிங்கமாக நினைத்துத்தான் வணங்கியிருக்கிறார்கள். நானும் செருப்பைக் கழற்றிவிட்டே கிட்டே போனேன்.

கல்லில் பிராமி எழுத்து இன்னும் தெளிவாக இருக்கிறது. "தேவானம்பிய பியதசி" ராஜா, அதாவது அசோகர், இப்படிச் சொல்கிறார் என்று தொடங்கும். முடிசூடி 26 ஆண்டுகள் ஆனபின் வெட்டியவை. கலிங்கப் போர் நடந்தது எட்டாம் ஆண்டில், கி.மு. 261 வாக்கில். லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், ஒன்றரை லட்சம் பேர் பிடித்துக்கொண்டு போகப்பட்டார்கள் என்று அவரே வருந்திச் சொன்னது பாறைகளில் இருக்கிறது. ஆனால் கலிங்கத்துத் தௌலியில் அந்தச் சாசனத்தை அவர் வைக்கவில்லை. அங்கே வேறு சாசனம்: எல்லா மனிதரும் என் பிள்ளைகள் என்று. இந்தத் தூணில் போர் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்த வருத்தம் 18 ஆண்டுகளில் ஆட்சியில் என்னவாக மாறியது என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம்.

என்னை நிறுத்தி வைத்தது நான்காம் சாசனம். வழக்கு விசாரிப்பதும் தண்டனை தருவதும் ராஜுகர் என்னும் அதிகாரிகள் கையில் இருந்தன. அந்த அதிகாரத்தை அசோகர் பிடுங்கவில்லை. ஆனால், ஆளுக்கொரு நீதி கூடாது என்கிறார். மரண தண்டனை விதிக்கப்பட்டுச் சிறையில் இருப்பவருக்கு மூன்று நாள் அவகாசம் தருகிறார். அதற்குள் உறவினர்கள் போய் உயிருக்காக முறையிடலாம். முறையிட ஆள் இல்லாதவர், மறுமைக்காகத் தானம் செய்யலாம், உபவாசம் இருக்கலாம்.

மரண தண்டனையை அவர் ஒழிக்கவில்லை. அது எனக்கு வருத்தம்தான். ஆனாலும் யாருமே இல்லாத கைதியையும் ஒரு சக்கரவர்த்தி நினைத்து, அதைக் கல்லில் வெட்டி நாட்டியிருக்கிறாரே! பெட்டியாவில் வாங்கிய சாமந்தியைத் தூணைச் சுற்றிய வேலியின் ஓரம் வைத்து, அப்படி மூன்று நாள் எண்ணியிருந்த முகம் தெரியாதவர்களுக்காக வேண்டிக்கொண்டேன்.