ஜுரம் நூறுதான், ஆனால் அம்மா என்னை அக்கா என்று கூப்பிட்டார்

அம்மாவுக்கு 74 வயது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். மற்றபடி ஆள் தெளிவு. தெருவில் பன்னிரண்டு பேர் போடும் சீட்டுக்கு இன்றைக்கும் அவர்தான் நோட்டில் கணக்கு எழுதுவார்.

செவ்வாய்க்கிழமை ராத்திரி உடம்பு கணகணப்பாக இருந்தது. தெர்மாமீட்டரில் 100.2. பாராசிட்டமால் ஒன்று கொடுத்துப் படுக்க வைத்தேன். புதன்கிழமை காலை ஐந்தரை மணிக்குச் சமையலறையில் பாத்திரச் சத்தம் கேட்டு எழுந்து போனேன். அம்மா காபி ஃபில்டரின் மேல் பாத்திரத்தில் பொடியே போடாமல் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நீர் அப்படியே கீழே இறங்கியதும் அதை எடுத்து மறுபடி மேலே ஊற்றினார். "என்னம்மா பண்றே?" என்றதற்குத் திரும்பிப் பார்த்து, "அக்கா, நீ எப்ப வந்தே?" என்றார். பெரியம்மா இறந்து பதினோரு வருஷம் ஆகிறது.

ஊரில் இருக்கும் அண்ணனுக்கு போன் செய்தேன். "ஜுர வேகத்துல பெனாத்துவாங்க, கஞ்சி குடுத்துத் தூங்க வை, பத்து மணிக்கு டாக்டர்கிட்ட காட்டலாம்" என்றான். எனக்கும் அது சரியென்றே பட்டது. எதிர்வீட்டு ஆயாதான் வந்து பார்த்துவிட்டு, "ஜன்னி கண்டிருக்குடி, உக்காந்திருக்காதே" என்றார். அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்கு உறைத்தது. ஜுரம் 100தான் என்று நான் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். வயதானவர்களுக்கு உடம்பு அதிகம் சுடாமலேயே உள்ளே கிருமி தீவிரமாக இருக்கலாம். அந்த வயதில் ஜுரத்தின் அளவை விட, நேற்று இருந்த புத்தி இன்று இல்லை என்பதுதான் பெரிய அடையாளம்.

முதலில் விரலில் குத்தி சர்க்கரை பார்த்தேன். சாப்பிடாமல் மாத்திரை மட்டும் போட்டிருந்தால் சர்க்கரை இறங்கியும் இப்படிப் பிதற்றுவார்கள். 70க்குக் கீழே இருந்து, தானாக விழுங்கவும் முடிந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க வேண்டும். அம்மாவுக்கு 214. ஆக, அது காரணமில்லை. பக்கவாதமாக இருக்குமோ என்று சிரிக்கச் சொன்னேன், வாய் கோணவில்லை. இரண்டு கையையும் தூக்கினார். பேச்சு குழறவில்லை. பிறகு வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்து ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணினேன், 26 வந்தது. சாதாரணமாக 20க்குள் இருக்கும். வீட்டில் இருந்த பிரஷர் மெஷின் 98/60 காட்டியது. எப்போதும் 140க்குக் குறையாதவர். இதற்கெல்லாம் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. உடனே 108க்கு அழைத்தேன்.

வண்டி வரும்வரை கஞ்சியோ தண்ணீரோ புகட்டவில்லை. அதற்குள் கண் சொருக ஆரம்பித்திருந்தது, அந்த நிலையில் வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். காலை மாத்திரைகளும் கொடுக்கவில்லை. இறங்கிப் போயிருக்கும் பிரஷரை பிரஷர் மாத்திரை இன்னும் இறக்கும், சாப்பிடாத வயிற்றில் சர்க்கரை மாத்திரையும் ஆபத்து. எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டேன். கூடவே கண்ணாடி, காது மெஷின், அந்தச் சீட்டு நோட்டு.

நோட்டை எதற்கு எடுத்தேன் என்று அப்போது எனக்கே தெரியாது. எமர்ஜென்சியில் டியூட்டி டாக்டர் அம்மாவைப் பார்த்துவிட்டு, "மறதி நோய் எத்தனை வருஷமா இருக்கு?" என்று கேட்டார். அவர் மேல் தப்பில்லை, முதல்முறை பார்க்கிறவருக்கு அப்படித்தான் தோன்றும். நோட்டைத் திறந்து திங்கட்கிழமை அம்மா எழுதிய பக்கத்தைக் காட்டினேன். பன்னிரண்டு பெயர், தொகை, கீழே கூட்டல். "இது முந்தாநேத்து அவங்க எழுதினது டாக்டர்." அப்புறம் அவர் வேகமே மாறிவிட்டது. அம்மாவிடம் கிழமைகளைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னார். "ஞாயிறு, சனி..." என்று ஆரம்பித்த அம்மா நின்று, "ஞாயிறு, திங்கள்" என்று நேராகப் போய்விட்டார். மறதி நோய் மாதக்கணக்கில் மெல்ல வரும், ஒரே ராத்திரியில் வரும் குழப்பத்துக்கு டெலிரியம் என்று பெயர், பெரும்பாலும் மூளைக்கு வெளியே எங்கோ ஒரு காரணம் இருக்கும் என்றார்.

எந்தக் கிருமி என்று பார்க்கும் கல்ச்சருக்கு ரத்தமும் சிறுநீரும் எடுத்துவிட்டு, ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் அந்த ஒரு மணி நேரத்துக்குள்ளேயே நரம்பில் ஆன்டிபயாட்டிக்கும் சலைனும் ஏற்றினார்கள். மூச்சு 22 அல்லது அதற்கு மேல், பிரஷர் 100 அல்லது அதற்குக் கீழ், புத்தித் தடுமாற்றம், இந்த மூன்றில் இரண்டு சேர்ந்தாலே கிருமியின் பாதிப்பு உடம்பு முழுக்கப் பரவும் செப்சிஸாக இருக்குமோ என்று பார்ப்பார்களாம். அம்மாவுக்கு மூன்றுமே இருந்தன. மார்பு எக்ஸ்ரேயும் தலை ஸ்கேனும் சரியாக இருந்தன. சிறுநீரில்தான் கிருமி. எரிச்சல் என்று அம்மா ஒரு வார்த்தை சொன்னதில்லை. முந்தின இரண்டு ராத்திரியும் நாலைந்து தடவை பாத்ரூம் போனார், அதற்குப் பயந்து தண்ணீர் குடிப்பதையும் குறைத்திருக்கிறார். ரத்தத்தில் உப்புச்சத்து, சோடியம், 127க்கு இறங்கியிருந்தது. அதுவும் குழப்பத்தைக் கூட்டியிருக்கிறது.

பகல் பதினொரு மணிக்கு அம்மா கண் விழித்து என் பெயரைச் சரியாகச் சொன்னார். அதற்குள் வந்துவிட்ட அண்ணன், தெளிந்துவிட்டதே, வீட்டுக்குக் கூட்டிப் போய் ஊசி போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டான். டாக்டர் விடவில்லை. இந்தக் குழப்பம் வந்து வந்து போகும், தெளிந்த அரை மணி நேரத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது என்றார். சொன்னபடியே சாயங்காலம் போர்வை நூலை ஒவ்வொன்றாகப் பிடித்து இழுக்கத் தொடங்கினார். சலைன் குழாயைப் பிடுங்கப் பார்த்தார். கையைக் கட்டலாமா என்று ஒரு உதவியாளர் கேட்டார். நானே பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்கிறேன் என்றேன். கண்ணாடியும் காது மெஷினும் போட்டுவிட்டேன். பாதிப் பயம் அதில் குறைந்தது, எதிரில் யார் நிற்கிறார்கள் என்று தெரிந்தது. தூக்கமாத்திரை நானும் கேட்கவில்லை, அவர்களும் கொடுக்கவில்லை. அது குழப்பத்தை இன்னும் அதிகமாக்கும்.

அடுத்த கட்டிலில் ஒரு தாத்தா. அவர் கத்தவில்லை, பிதற்றவில்லை. இரண்டு நாளாக "ஜுரத்துல அசந்து நல்லா தூங்குறார்" என்று வீட்டில் விட்டிருக்கிறார்கள். எழுப்பினால் கண் திறந்து, பேச்சு முடியுமுன் மூடிவிடுவார். இதுவும் டெலிரியம்தான், அமைதியான வகை. தொந்தரவு இல்லாததால் யாரும் பதறுவதில்லை, அதனால் தாமதமாகத்தான் கொண்டு வருகிறார்கள் என்று நர்ஸ் அக்கா வருத்தப்பட்டார். அந்தத் தாத்தாவின் மகள் அழுதது இன்னும் கண்ணில் நிற்கிறது.

மூன்றாம் நாள் ஜுரம் விட்டது. குழப்பம் உடனே விடவில்லை. ஆறாம் நாள் வீட்டுக்கு வந்த பிறகும் பொழுது சாய்ந்தால் ஊருக்குப் போகணும் என்று புடவையை மடித்து வைப்பார். கிருமி போன பிறகும் சிலருக்கு வாரக்கணக்கில் இது நீடிக்குமாம். நான் மறுத்துப் பேசாமல், இன்று என்ன கிழமை, நாம் எங்கே இருக்கிறோம் என்று மட்டும் சொல்வேன். பகலில் ஜன்னல் திறந்து வெளிச்சம், ராத்திரி பாத்ரூம் விளக்கு, டாக்டர் சொன்ன அளவுக்குத் தண்ணீர்.

பத்தாம் நாள் காலை சீட்டு நோட்டைக் கேட்டு வாங்கினார். நான் எழுதியிருந்த கூட்டலில் நூறு ரூபாய் பிசகு என்று திருத்தினார். அந்தப் புதன்கிழமை அவருக்கு நினைவில்லை. அக்கா வந்து கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்று மட்டும் சொல்கிறார்.