லோகோவிலேயே நின்ற அம்மாவின் போன்

ராத்திரி அப்டேட் போட்டுவிட்டுத் தூங்கிய அம்மாவின் ஆண்ட்ராய்டு போன், காலையில் லோகோவைக் காட்டுவதும் அணைவதும் மறுபடி லோகோவைக் காட்டுவதுமாக இருந்தது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் பார்த்துவிட்டு, "சாப்ட்வேர் போடணும், உள்ளே இருப்பதெல்லாம் போயிடும்" என்றார்கள். அப்பாவின் கடைசி இரண்டு வருடப் போட்டோக்கள் அதில்தான் இருந்தன, பேக்கப் கிடையாது. போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேளச்சேரி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

முதலில் சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றினேன். பழுதான கார்டு கூட இப்படிச் சுற்ற வைக்கும். அரை மணி நேரம் சார்ஜ் ஏற்றி, பவர் பட்டனையும் வால்யூம் குறைக்கும் பட்டனையும் சேர்த்துப் பத்து விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தேன். அணைந்து எழுந்தது, மறுபடி அதே லோகோ.

அடுத்தது ரெகவரி மெனு. பவரும் வால்யூம் கூட்டும் பட்டனும் சேர்த்து அழுத்தினால் வர வேண்டும், வரவே இல்லை. சில மாடல்களில் போனை யூஎஸ்பி கேபிளால் கம்ப்யூட்டரோடு இணைத்திருந்தால்தான் அந்த மெனு திறக்கும். லேப்டாப்பில் சொருகியதும் வந்துவிட்டது. அங்கே டச் வேலை செய்யாது. வால்யூம் பட்டனால் நகர்ந்து, பவர் பட்டனால் தேர்வு செய்ய வேண்டும். நமக்கு வேண்டியது `Wipe cache partition`. அதற்கு நேர் மேலே இருந்தது `Wipe data/factory reset`. ஒரு வரி தவறினால் எல்லாம் போய்விடும் என்பதால், அழுத்துவதற்கு முன் அம்மாவையும் ஒரு தடவை படித்துப் பார்க்கச் சொன்னேன். கேஷ் என்பது சிஸ்டத்தின் தற்காலிகக் கோப்புகள்தான். அழித்தால் போட்டோவுக்கு ஒன்றும் ஆகாது. சில புதிய போன்களில் இந்த வரியே இருக்காது, அப்படியென்றால் இதை விட்டுவிடலாம்.

கேஷை அழித்த பிறகும் லோகோதான். ஆனால் இப்போது அணையாமல் அதிக நேரம் நின்றது. அதைப் பார்த்துத்தான் சேஃப் மோடை முயன்றேன். லோகோ வந்ததும் வால்யூம் குறைக்கும் பட்டனைப் பிடித்துக்கொண்டே இருக்க, திரை திறந்து மூலையில் `Safe mode` என்று வந்தது. நாமாக இறக்கிய ஆப்கள் எதுவும் அதில் ஓடாது. பின் எண்ணைப் போட்டு உள்ளே போனால் காரணம் தெரிந்தது: 64 ஜிபியில் 300 எம்பிகூட மிச்சமில்லை. அப்டேட்டுக்குப் பிறகு மூச்சுவிட இடமில்லாமல் திணறியிருக்கிறது.

உடனே எதையும் அழிக்கவில்லை. முதலில் போட்டோ, வீடியோ எல்லாவற்றையும் கேபிள் வழியாக லேப்டாப்புக்கு எடுத்தேன். லேப்டாப்பில் நாலைந்து போட்டோக்களைத் திறந்து பார்த்த பிறகுதான் போனில் பெரிய வீடியோக்களை நீக்கினேன். 9 ஜிபி காலியானதும் ரீஸ்டார்ட் செய்தேன். இரண்டு நிமிடத்தில் வழக்கமான திரை வந்தது.

சேஃப் மோடும் வராமல் போயிருந்தால் ரீசெட்தான் செய்திருக்க வேண்டும். அதற்கு முன் போனில் இருக்கும் கூகுள் கணக்கின் பாஸ்வேர்டு கையில் இருக்க வேண்டும், ரெகவரியிலிருந்து அழித்த போன் அதைக் கேட்காமல் திறக்காது. அம்மாவுக்கு அது நினைவில் இல்லை. அன்று மாலையே மாற்றி, அவர் டைரியில் எழுதி வைத்தோம்.