போனவர்களுக்கும் ஒரு வணக்கம்

கோத்தகிரியில் எங்கள் குடும்பத்தை ‘சிலோன்காரங்க’ என்பார்கள். கல்யாணமாகி இலங்கையில் அட்டன் பக்கம் வந்தேன், ‘இந்தியாப் பொண்ணு’ ஆகிவிட்டேன். குளிரும் மழையும் பழகிவிட்டன, ஊரும் பழகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். எங்கள் குடியிருப்பாளர் சங்க வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் செயலாளர் டீச்சர், “இந்தியாவிலிருந்து வந்திருக்கும் புது மருமகளை வரவேற்கிறோம்” என்றதும் சுருக்கென்றது. என் தாத்தா பிறந்தது இதே தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில்.

டீச்சரின் வரவேற்புரைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. ஆயுபோவன், அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம் என்று மூன்றையும் சொல்லித்தான் தொடங்குவார். பெரியவர்களைப் புது வீட்டு இலக்கப்படி அழைக்கமாட்டார். மேற்கணக்கு, கீழ்க்கணக்கு என்று அவர்கள் முன்பு இருந்த லயத்தின்படிதான் அழைப்பார். லயத்தை விட்டு ஏழு பேர்ச் காணியில் தனி வீட்டுக்கு வந்தபோது பழைய அக்கம்பக்கம் கலைந்துபோனது. வருடத்தில் ஒருநாளாவது அது திரும்ப ஒன்றுசேரட்டும் என்பது அவர் எண்ணம். ஒரு தாத்தாவை லயம் மாற்றிச் சொன்னதும் அவர் எழுந்து நின்றே திருத்தினார், மண்டபமே சிரித்தது. முந்தின நாள் மாலை டீச்சர் வீடு வீடாகப் போய், யார் வருவார்கள், புதியவர்களை எப்படி அறிமுகம் செய்யலாம் என்று கேட்பது வழக்கம். நான் வீசா வேலையாகக் கொழும்புக்குப் போயிருந்ததால் என்னைக் கேட்க முடியவில்லை.

புதியவர்களோடு உரை முடிந்துவிடும் என்று நினைத்தேன். டீச்சர் தாளை மடித்துவிட்டு, “கப்பலேறிப் போனவங்களுக்கும் வணக்கம்” என்றார்.

1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தத்தில், இலங்கையில் குடியுரிமையில்லாமல் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதாக முடிவானது. எங்கள் வீட்டில் தாத்தாவுக்கு இந்தியப் பாஸ்போர்ட், அவர் தங்கச்சிக்கு இலங்கைக் குடியுரிமை. தாத்தா கோச்சி ஏறித் தலைமன்னார் போய், அங்கிருந்து கப்பலில் ராமேஸ்வரம் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு நீலகிரியில் மறுபடியும் தேயிலைக்குள்ளேயே போய்ச் சேர்ந்தார். அங்கே மழைக்காலச் சாயங்காலங்களில் பிரட்டுக்களம், கங்காணி, கோயில் திருவிழா என்று இந்த மலையைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார். அவர் சொன்ன கோயில் இப்போது என் வீட்டு ஜன்னலில் தெரிகிறது. அதைக் கேட்க அவர் இல்லை.

அப்புறம் கணக்கறிக்கை, நிர்வாகத் தெரிவு எல்லாம் நடந்தன, என் காதில் எதுவும் விழவில்லை. கூட்டம் முடிந்ததும் டீச்சரிடம் தாத்தாவின் பெயரையும் லயத்தையும் சொன்னேன். “இதை முன்னமே சொல்லியிருந்தா அந்த லயத்தோடயே உன்னையும் கூப்பிட்டிருப்பேனே” என்று கையைப் பிடித்துக்கொண்டார். இந்தத் தோட்டத்திலிருந்து போன குடும்பங்களின் பெயர்களை அடுத்த வருடம் வாசிக்க வேண்டும், சேகரித்துத் தா என்றார்.

அன்றிரவே அம்மாவை அழைத்தேன். கோத்தகிரியில் யார் யார், கூடலூரில் யார் யார் என்று அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். இன்னும் முடியவில்லை.