அண்ணனுக்கு வந்தது மறதி நோயா என்று தெரிய இரண்டு மாதம் ஆனது

என் அண்ணனுக்கு 54 வயது. மதுரையில் வீடுகளுக்கு வயரிங் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்பவர். இருபது வருஷத்துக்கு மேலாகக் குடி, அதிலும் கடைசிப் பத்து வருஷமாகத் தினமும் இரண்டு குவார்ட்டர். மனநல மருத்துவர் முதலில் கேட்டதே இந்த அளவைத்தான். 180 மில்லி, 42.8 சதவீதம் என்று பாட்டிலிலேயே போட்டிருக்கும். அதில் சுத்தமான ஆல்கஹால் சுமார் 60 கிராம். அப்படியென்றால் ஒரு நாளைக்கு 120 கிராம், மாதத்துக்கு மூன்றரைக் கிலோ. இப்படிக் கிலோ கணக்கில் கேட்டபோதுதான் மதினிக்கே தூக்கிவாரிப் போட்டது.

பெயர், தேதி மறந்ததைப் பார்த்து நாங்கள் அவரைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. வேலையில் அவருக்கு வரிசை தப்ப ஆரம்பித்திருந்தது. பைப் புதைப்பதற்கு முன்னாலேயே பூச்சு வேலைக்காரரை வரச் சொல்லிவிடுவார். மூன்று அறைக்கு எவ்வளவு ஒயர் வேண்டும் என்று நின்ற இடத்திலேயே சொல்லக்கூடிய மனுஷன், பேப்பரில் எழுதிக் கூட்டியும் தப்பாகச் சொன்னார். முப்பது வருஷத்துக்கு முந்தைய கதை எல்லாம் அப்படியே ஞாபகம் இருந்தது. முன்மூளை பாதிக்கப்பட்டால் திட்டமிடுவதும் வரிசைப்படுத்துவதும்தான் முதலில் அடிபடும் என்றார் மருத்துவர். சொந்தக்காரர்கள் அதைச் 'சோம்பேறித்தனம்' என்பார்களாம். எங்கள் வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள்.

அப்புறம் நடை. காலை அகட்டி வைத்து, படகில் நிற்பவர் மாதிரி நடந்தார், குடிக்காத நேரத்திலும்கூட. மருத்துவர் விரலைப் பக்கவாட்டில் நகர்த்தி அதைப் பார்க்கச் சொன்னார். அண்ணனின் கண் விரலைப் பின்தொடராமல் துடித்துத் துடித்து நின்றது. "நேத்து என்ன செஞ்சீங்க?" என்று கேட்டதற்கு, திண்டுக்கல் போய் ஒரு கல்யாண மண்டப வேலை பார்த்துவிட்டு வந்ததாக விவரமாகச் சொன்னார். முந்தின நாள் முழுக்க அவர் வீட்டில் படுத்துக் கிடந்தார். மதினி கோபப்பட்டார். இது பொய் இல்லை, ஞாபகத்தில் இருக்கும் ஓட்டையை மூளை தானாகவே கதை கட்டி அடைக்கிறது என்று மருத்துவர் விளக்கினார்.

குழப்பம், நடைத் தடுமாற்றம், கண் அசைவுக் கோளாறு மூன்றும் சேர்ந்தால் வெர்னிக்கி என்ற நிலை. வைட்டமின் பி1, அதாவது தயமின், தீர்ந்து போவதால் வருவது. உடம்பில் இதன் கையிருப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் வரும். குடிப்பவர் சாப்பாட்டைக் குறைக்கிறார், சாப்பிட்டதிலிருந்து தயமின்னைக் குடல் எடுத்துக்கொள்வதையும் ஆல்கஹால் தடுக்கிறது. மூன்று அறிகுறியும் எல்லோருக்கும் சேர்ந்து வராது. பெரும்பாலோரிடம் ஒன்றோ இரண்டோதான் தெரியும் என்பதால், சந்தேகம் வந்தாலே தயமின் ஊசி போட்டுவிட வேண்டும். தாமதமானால் அது கோர்சகாஃப் என்ற நிரந்தர ஞாபக இழப்பில் கொண்டுபோய் விடலாம்.

நம்ம ஊரில் குடிகாரர் தள்ளாடிப் படுத்துவிட்டால் தெருமுனை கிளினிக்கில் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றுவது ஒரு வழக்கம். பக்கத்து வீட்டுக்காரர் எங்களையும் அங்கேதான் போகச் சொன்னார். குளுக்கோஸை எரிக்க உடம்புக்குத் தயமின் வேண்டும். ஏற்கெனவே வறண்டு கிடப்பவருக்கு வெறும் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மிச்சம் இருப்பதும் செலவாகி நிலைமை மோசமாகலாம். சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கியிருந்தால் குளுக்கோஸைத் தாமதிக்கக் கூடாது, ஆனால் தயமின்னும் கூடவே போக வேண்டும். இதைக் குடும்பத்தார் வாய்விட்டுக் கேட்கலாம் என்பது என் கருத்து.

அண்ணனுக்கு 500 மில்லிகிராம் தயமின்னைச் சலைனில் கலந்து நாளைக்கு மூன்று வேளை நரம்பில் ஏற்றினார்கள். சில நாளில் கண் துடிப்பு அடங்கியது. அதற்கு முன்பே தலைக்கு சிடி ஸ்கேன் எடுத்திருந்தார்கள். அவர் பாத்ரூமில் விழுந்திருந்தார். சுருங்கிய மூளைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவே இடைவெளி கூடுவதால் அங்குள்ள சிறு ரத்தக்குழாய்கள் இழுபட்டு, லேசான அடிக்கே கசியுமாம். அதுவும் மறதி மாதிரியே தெரியும். நல்லவேளை, கசிவு இல்லை. பி12, தைராய்டு, கல்லீரல் எல்லாவற்றுக்கும் ரத்தம் எடுத்தார்கள்.

குடியை வீட்டிலேயே சட்டென்று நிறுத்த வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் தெரிந்தது. முதல் நாள் கை நடுக்கம். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம் என்பதால் லோராசிபாம் என்ற அமைதிப்படுத்தும் மருந்து கொடுத்தார்கள். கல்லீரல் கெட்டவர்களுக்கு அதுதான் கொஞ்சம் பாதுகாப்பாம். அப்படியும் மூன்றாம் நாள் ராத்திரி சுவரில் எறும்பு ஊர்வதாகச் சொல்லித் தட்டிக்கொண்டே இருந்தார். அந்த நிலை உயிரையே பறிக்கக்கூடியது.

எம்ஆர்ஐ படத்தில் முன்மூளையும் சிறுமூளையின் நடுப்பகுதியும் சுருங்கி, நடுவில் நீர் நிற்கும் அறைகள் பெரிதாகத் தெரிந்தன. "அப்போ டிமென்ஷியாதானா சார்?" என்று கேட்டேன். மறதி நோய் என்று இப்போது எழுத மாட்டேன் என்றுவிட்டார். ஞாபகத் தேர்வுகூட அந்த வாரத்தில் வைக்கவில்லை. கடைசிக் குடி முடிந்து குறைந்தது 60 நாளாவது போன பிறகு மிச்சம் இருப்பதைத்தான் குடியால் வந்த டிமென்ஷியா என்று சொல்ல முடியும். அதற்குள் எழுதினால் போதையும் மாத்திரை மயக்கமும் சேர்ந்து மார்க் வாங்கும் என்றார்.

திரும்பி வருமா என்ற கேள்விக்கு அவர் அண்ணனின் தொழிலிலிருந்தே பதில் சொன்னார். செத்த நரம்பணு திரும்பாது. ஆனால் சுருக்கம் முழுவதும் சாவு இல்லை. நரம்பிழைகளின் மேலே ஒயருக்கு இன்சுலேஷன் இருப்பது போல ஒரு உறை இருக்கிறது. அதுவும், அணுக்களின் கிளைகளும், அவற்றைத் தாங்கும் துணை அணுக்களும் குடி நின்றால் ஓரளவு தேறும். 2007-இல் வந்த ஓர் ஐரோப்பிய ஆய்வில், ஆறேழு வாரம் குடிக்காமல் இருந்தவர்களின் மூளை அளவு சராசரியாக 2 சதவீதம் அளவுக்குக் கூடியிருந்தது. இன்னொரு பக்கம், 2018-இல் வெளியான பிரான்ஸ் ஆய்வில், 65 வயதுக்கு முன்பே டிமென்ஷியா வந்த 57,000-க்கும் மேற்பட்டவர்களில் பாதிக்கும் அதிகமானோருக்குக் குடி தொடர்பு இருந்தது. இரண்டையும் ஒரே மூச்சில்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் தயமின் மாத்திரை, குடி ஆசையை அடக்க அகாம்ப்ரோசேட். டைசல்ஃபிராம் தரவில்லை. அந்த மாத்திரையைப் போட்டதை மறந்து குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. சாப்பாட்டில் தெரியாமல் கலக்கச் சொல்லி விற்கும் பவுடர்களைப் பற்றிக் கேட்டபோதும் இதே காரணத்தைச் சொல்லித் திட்டினார்.

இரண்டு மாதம் கழித்துத்தான் மோக்கா என்ற ஞாபகத் தேர்வு வைத்தார்கள். மொத்தம் 30, வழக்கமாக 26-க்குக் கீழே போனால் குறை என்று எடுத்துக்கொள்வார்கள். அண்ணன் 19 வாங்கினார். எட்டு மாதத்தில் 23. கடிகாரம் வரைவதும் எண்களைக் கழித்துக்கொண்டே போவதும் சரியாகிவிட்டன. ஐந்து நிமிஷம் முன்பு சொன்ன ஐந்து சொல்லில் இரண்டுதான் வந்தது. நடை நேராகிவிட்டாலும் இருட்டில் சுவரைப் பிடிக்கிறார்.

இப்போது ஒரு வீட்டு வேலையை வரிசை தப்பாமல் முடிக்கிறார். ஆனால் காலையில் பேசிய விலையை மாலையில் மறக்கிறார், அதனால் பேரமும் பணமும் மதினி கையில். ஏணி ஏற விடுவதில்லை. தீபாவளிக்கு மட்டும் கொஞ்சம் எடுக்கலாமா என்று அண்ணனே கேட்டதற்கு, திரும்ப ஆரம்பித்தால் 23 கீழே இறங்கும், அடுத்த முறை இவ்வளவு தேறும் என்று யாரும் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். பீடி மூளை தேறுவதை மெதுவாக்குகிறது என்று அதையும் விடச் சொல்லியிருக்கிறார். அதை அண்ணன் இன்னும் விடவில்லை. அடுத்த தேர்வு தை மாதம்.