குரக்கன் மாவுக்கு 30 விநாடி விளம்பரம்: எழுதும் கருவியிடம் முதலில் எதைக் கொடுத்தேன்

கொட்டாஞ்சேனையில் சிறிய மாவரைக்கும் ஆலை நடத்தும் ஓர் அக்கா, தமது குரக்கன் மாவுக்குத் தமிழ் வானொலி விளம்பரம் ஒன்று வேண்டும் என்று வெள்ளவத்தையில் நாங்கள் நடத்தும் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்தார். கையில் ஏற்கெனவே ஒரு பிரதி இருந்தது. உறவுக்காரப் பையன் ஒருவர் செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் "குரக்கன் மாவுக்கு வானொலி விளம்பரம் எழுது" என்று கேட்டு எடுத்துக் கொடுத்தது. படித்தால் தங்குதடையின்றி ஓடியது. ஆனால் "பாட்டி காலத்துக் கல்திரிகையில் அரைத்தது", "நீரிழிவுக்கு நிரந்தரத் தீர்வு", "குளூட்டன் அறவே இல்லை", "இலங்கையின் முதல்தர மா" என நான்கு கூற்றுகள் அதில் இருந்தன. நான்கில் ஒன்றுக்கும் ஆதாரம் இல்லை. ஆலையில் இருப்பது மின்சார இயந்திரம்.

இந்த மாதிரிப் பிரதியைத் திருத்தி உருப்படியாக்க முடியாது என்பது என் கருத்து. பொய்யை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் ஆரவாரம்தான், ஏனென்றால் மாவைப் பற்றிய உண்மை எதுவும் அதற்குள் போகவே இல்லை. அதனால் பிரதியை மூடி வைத்துவிட்டு, அக்காவையும் மாப் பொதியையும் முன்னால் வைத்துக்கொண்டு கேள்வி கேட்கத் தொடங்கினேன்.

தானியம் எங்கிருந்து வருகிறது? மொனராகலையிலிருந்து. அரைப்பதற்கு முன் என்ன செய்கிறீர்கள்? கல் பொறுக்கி, கழுவி, வெயிலில் உலர்த்துகிறோம். வேறு ஏதாவது சேர்க்கிறீர்களா? இல்லை. பொதி எத்தனை கிராம்? 400. எங்கே கிடைக்கும்? வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, வத்தளைக் கடைகளில். அதே இயந்திரத்தில் வேறு என்ன அரைக்கிறீர்கள்? இந்தக் கேள்விக்கு அவர் சற்று யோசித்தார். அரிசி, உளுந்து, சில நாட்களில் கோதுமையும் என்றார்.

அந்த ஒரு பதில் குளூட்டன் விஷயத்தை முடித்துவிட்டது. குளூட்டன் என்பது கோதுமையில் இருக்கும் ஒரு புரதம். குரக்கனில் இயல்பாக அது கிடையாது. ஆனால் கோதுமை அரைத்த இயந்திரத்தில் அரைத்தால் அதன் தூள் கலக்கத்தான் செய்யும். குளூட்டன் இல்லாத உணவு என்று சொல்ல, கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரநிலை ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்கிறது. அதைப் பரிசோதித்துப் பார்க்காமல் வாய்ப்பேச்சாகச் சொன்னால், குளூட்டன் ஒவ்வாத ஒருவர் நம்பி வாங்கி நோய்ப்படுவார்.

கல்சியமும் இப்படித்தான். குரக்கனில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 340 மில்லிகிராம் கல்சியம் உண்டு என்று ஊட்டச்சத்து அட்டவணைகள் காட்டுகின்றன. அரிசியோடு ஒப்பிட்டால் மிக அதிகம். ஆயினும் அது பொதுவாகக் குரக்கனுக்குரிய அளவு. இந்தப் பொதியில் இருக்கும் மாவை யாரும் ஆய்வுகூடத்தில் அளக்கவில்லை. எனவே எண்ணை விளம்பரத்தில் வைக்க நான் இணங்கவில்லை. "எல்லாரும் சொல்கிறார்களே, தங்கச்சி" என்றார் அக்கா. பரிசோதனை அறிக்கை வந்ததும் சேர்த்துவிடலாம் அக்கா, அதுவரை வேண்டாம் என்றேன். ஒப்புக்கொண்டார்.

பிறகு கருவிக்குக் கொடுக்கும் குறிப்பை எழுதினேன். உண்மைகளை உ1, உ2 என எண்ணிட்டு, ஒன்றுக்கு ஒரு வாக்கியமாக வைத்தேன். "உ1: மாவில் குரக்கன் மட்டும். உ2: தானியம் மொனராகலையிலிருந்து. உ3: கல் பொறுக்கி, கழுவி, வெயிலில் உலர்த்தியது. உ4: கொட்டாஞ்சேனையில் அரைத்தது. உ5: 400 கிராம் பொதி. உ6: கிடைக்கும் இடங்கள் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, வத்தளை." அதன் கீழே இரண்டு கட்டளைகள். பொருளைப் பற்றிச் சொல்லும் ஒவ்வொரு வரியின் முடிவிலும் அது எந்த உண்மையிலிருந்து வந்தது என்று எண்ணைப் போட வேண்டும். இந்தப் பட்டியலில் இல்லாத தகவல் தேவைப்பட்டால் ஊகிக்காமல் "தகவல் தேவை" என்று எழுதி இடம் விட வேண்டும். எண் இல்லாத வரி கண்ணில் பட்டால் அங்கேதான் கற்பனை நுழைந்திருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். எண் இருந்தாலும் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தே ஆக வேண்டும், ஏனெனில் உ3 என்று போட்டுவிட்டு "பக்குவமாக வறுத்து" என்று கருவி எழுதக்கூடும்.

அதிக நேரம் எடுத்தது தடைப் பட்டியல்தான். இலங்கையில் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம், உணவைப் பற்றிப் பொய்யாகவோ மக்கள் தவறாக எண்ணும்படியாகவோ விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. அதைச் சொல்லி "பொய் எழுதாதே" என்று மட்டும் கட்டளையிட்டால் பயன் இல்லை. "நீரிழிவைக் குணப்படுத்தும் என்று எழுதாதே" என்றாலும் போதாது. அந்தச் சொற்களை விலக்கிவிட்டு, "சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கும்", "மருந்துச் செலவு குறையும்", "வைத்தியர்களும் விரும்பும் மா" என்று அதே பொருளைக் கருவி பக்கத்து வாசலால் கொண்டுவந்துவிடும். அதனால் சொல்லைத் தடுக்காமல் பொருளைத் தடுத்தேன். ஒவ்வொரு தடைக்கும் காரணத்தையும், அதற்குப் பதிலாக எதைச் சொல்லலாம் என்பதையும் சேர்த்தே எழுதினேன்.

"எந்த நோயையும், உடல் உறுப்பையும், மருந்தையும், வைத்தியரையும் குறிப்பிடவோ மறைமுகமாக உணர்த்தவோ கூடாது. காரணம், இது உணவு. அரைத்த மாவைக் கூழாகவோ ரொட்டியாகவோ சமைக்கும் விதத்தைப் பொறுத்து இரத்தத்தில் சீனி ஏறும் வேகம் மாறும். பதிலாக நிறம், மணம், சமைக்கும் விதம் ஆகியவற்றைச் சொல்லலாம்." இது முதல் தடை. குளூட்டன் பற்றிப் பேசக் கூடாது, பொது இயந்திரத்தில் அரைக்கிறார்கள், பதிலாக உ1ஐச் சொல்லலாம் என்பது இரண்டாவது. பிற மாக்களோடு ஒப்பிடுவதும் முதல்தரம், தலைசிறந்தது போன்ற உயர்வுகளும் கூடாது, பதிலாக உ2, உ3 என்பது மூன்றாவது. மாற்று வழி காட்டிய பிறகு கருவி திணறவில்லை. வெறுமனே தடுத்தால் காலியாகும் இடத்தை அது எதையாவது கொண்டு நிரப்பும். பதில் கொடுத்தால் அந்தப் பதிலைக் கொண்டே நிரப்புகிறது.

கேட்பவர் யார் என்பதற்கு "25 முதல் 45 வயதுப் பெண்கள்" என்று எழுதுவது வழக்கம். வயதைச் சொன்னால் கருவிக்கு எழுதுவதற்கு ஒன்றும் கிடைப்பதில்லை. நான் இப்படி எழுதினேன்: "கொழும்பிலோ வத்தளையிலோ இருக்கும் ஒருவர் காலை ஆறரை மணிக்குச் சமையலறையில் நிற்கிறார். வானொலி ஓடுகிறது. கை ஈரம். பிள்ளை பாடசாலைக்குப் புறப்பட வேண்டும். குரக்கன் பிட்டு அவருக்குத் தெரியும், ஆனால் தானியத்தைச் சுத்தம் செய்யும் வேலைக்கு நேரம் இல்லை." இதிலிருந்து இரண்டு முடிவுகள் தாமாக வந்தன. ஈரக் கையோடு நிற்பவர் தொலைபேசி இலக்கத்தை எழுதிக்கொள்ள மாட்டார். ஆகவே இலக்கம் வேண்டாம், கடை இருக்கும் இடங்களே போதும். இலக்கத்தை வாசிக்கவே நான்கைந்து விநாடி போகும், அதுவும் மிச்சமாயிற்று. கல் பொறுக்கிக் கழுவியது என்ற உ3 அவருடைய வேலையைக் குறைக்கும் செய்தி, எனவே அதுவே விளம்பரத்தின் நடுவாக வேண்டும். கேழ்வரகு, ராகி என்று எழுதாமல் குரக்கன் என்றே எழுத வேண்டும் என்றும் சேர்த்தேன்.

நீளத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஆங்கில விளம்பரத்தில் 30 விநாடிக்கு 75 சொற்கள் வரை வைப்பதுண்டு. தமிழ்ச் சொல் விகுதிகளை எல்லாம் சுமந்து நீளமாக வருவதால், எங்கள் குரல் கலைஞர் வாசிக்கும் வேகத்தில் 30 விநாடிக்கு 50 சொற்களே இடைவெளியோடு அடங்குகின்றன. தொடக்கத்தில் பிட்டு அவியும் ஓசைக்கு இரண்டு விநாடி, இறுதியில் பெயரைச் சொல்லி நிறுத்த மூன்று விநாடி கழித்தால் 42 சொற்கள் எஞ்சும். ஆனால் "42 சொல்" என்று சொன்னால் கருவி சரியாக எண்ணாது. அது எழுத்தைச் சொல்சொல்லாகக் கையாள்வதில்லை, ஒரு தமிழ்ச் சொல்லையே பல துண்டுகளாக உடைத்துத்தான் கையாள்கிறது. எனவே "எட்டு வரி, ஒரு வரியில் ஐந்து சொல்லுக்கு மேல் வேண்டாம், 400 போன்ற எண்களைச் சொல்லாக எழுது" என்று அமைப்பைக் கொடுத்தேன். வரியைக் கட்டுப்படுத்தினால் நீளம் பெரும்பாலும் கட்டுக்குள் வருகிறது. இறுதித் தீர்ப்பு நிறுத்தற் கடிகாரத்தினுடையது.

வந்த முதல் வரைவின் நடுப்பகுதி இது:

மகள்: அம்மா, பிட்டு ஏன் இந்த நிறம்?
அம்மா: குரக்கன் பிட்டு, மகள். தேங்காய்ப்பூவோடு சாப்பிடு. [உ1]
மகள்: கல் பொறுக்கினீர்களா?
அம்மா: கல் பொறுக்கி, கழுவி, உலர்த்தித்தான் வருகிறது. [உ3]
அறிவிப்பாளர்: மொனராகலைக் குரக்கன். கொட்டாஞ்சேனையில் அரைத்தது. [உ2, உ4]

கூடத்தில் வாசித்துப் பார்த்தோம். குரல் கலைஞருக்கு 33 விநாடி ஆயிற்று. ஊர்ப் பெயர்கள் வரும் வரியில் மூச்சு வாங்கியது, அங்கே "கடைகளில் கிடைக்கும்" என்பதைக் "கடைகளில்" என்று சுருக்கியதும், மகளின் இன்னொரு கேள்வியை நீக்கியதும் போதுமாக இருந்தன. எண்ணிடாத வரி ஒன்றும் இருந்தது: "நலமாய்த் தொடங்கும் காலை." நோய் எதையும் சொல்லவில்லை, தடையை மீறியதாகவும் தெரியவில்லை. ஆனாலும் உணவோடு நலம் என்ற சொல் வந்தால் கேட்பவர் மருந்தாகவே எடுத்துக்கொள்வார் என்று நினைக்கிறேன். "நேரத்தோடு தொடங்கும் காலை" என்று மாற்றினேன். இத்தகைய விளிம்பு வரிகளைப் பிரித்தறியக் கருவியை நம்ப முடியாது. பிரதியை உரக்க வாசித்து, ஒவ்வொரு வரியிலும் "இதை ஒரு நோயாளி எப்படிப் புரிந்துகொள்வார்" என்று கேட்டுப் பார்ப்பதை நான் விடுவதில்லை.

ஒலிப்பதிவுக்கு முன் உண்மைப் பட்டியலை அச்சிட்டு அக்காவிடம் கொடுத்தேன். ஒவ்வொன்றாக வாசித்துக் கையெழுத்திட்டார். உ3இல் மட்டும் பேனாவை நிறுத்தி, மழைக்காலத்தில் வெயிலில் காய்வதில்லை, உலர்த்தும் அறையில் வைக்கிறோம் என்றார். "வெயிலில்" என்ற சொல் பட்டியலிலிருந்து போயிற்று. பிரதியில் அந்தச் சொல் வராததால் அங்கே திருத்தம் தேவைப்படவில்லை.

சில வாரங்களுக்குப் பின் அவர் 15 விநாடிப் பிரதி கேட்டபோது அதே குறிப்பில் நீளத்தை மட்டும் நான்கு வரியாக மாற்றி, உ1, உ3, உ6 மூன்றையும் கட்டாயமாக்கினேன். உ2உம் உ4உம் விடுபட்டன. உரையாடலுக்கு இடம் இல்லை, அறிவிப்பாளர் ஒருவரே பேச வேண்டியதாயிற்று. மொனராகலை போனதில் அக்காவுக்கு மனக்குறைதான். அந்த ஊர்ப் பெயரை வைத்துக்கொண்டு வத்தளையை எடுத்துவிடலாமா என்று கேட்டார். வத்தளையில் எத்தனை கடைகளுக்கு மா போகிறது என்று கேட்டேன். எண்ணிப் பார்த்துவிட்டு, வத்தளையே இருக்கட்டும் என்றார்.