நான்கு பில்டுகளில் புரிந்தது: ஸ்மோக் டெஸ்டிங், சானிட்டி டெஸ்டிங்

டெஸ்டிங் வேலைக்கான என் முதல் நேர்காணலில் ஸ்மோக் டெஸ்டிங்குக்கும் சானிட்டி டெஸ்டிங்குக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார்கள். எதிர்பார்த்துப் போன கேள்விதான். "ஸ்மோக் அகலமா, மேலோட்டமா பார்க்கிறது. சானிட்டி குறுகலா, ஆழமா பார்க்கிறது" என்று படித்ததை அப்படியே சொன்னேன். எதிரில் இருந்தவர் தலையசைத்துவிட்டு அடுத்ததைக் கேட்டார்: "ஒரே ஒரு பக்கை மட்டும் சரிபண்ணி புது பில்ட் வந்திருக்கு. நீங்க முதல்ல என்ன பண்ணுவீங்க?"

"சானிட்டி, சார்."

"அந்த பில்ட்ல லாகின் பக்கமே திறக்கலைன்னா?"

எனக்குப் பதில் வரவில்லை. விளக்கம் தெரிந்திருந்தது, ஆனால் ஒரு பில்ட், அதாவது டெஸ்ட் செய்வதற்காகத் தரும் ஆப்பின் ஒரு பதிப்பு, கைக்கு வந்தால் எந்த வரிசையில் என்ன நடக்கும் என்று தெரியவில்லை. அது எனக்குப் புரிந்தது பயிற்சி வகுப்பில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து செய்த ஒரு பஸ் டிக்கெட் ஆப்பில்தான். இரண்டு பேர் கோட் எழுதினார்கள், நானும் இன்னொருவரும் டெஸ்ட் செய்தோம். அதில் வந்த நான்கு பில்டுகளை வைத்தே இதைச் சொல்கிறேன்.

முதலில் ஸ்மோக். எலக்ட்ரானிக்ஸ் வேலை செய்கிறவர்கள் புதிதாகச் செய்த போர்டுக்கு முதல்முறை மின்சாரம் கொடுத்துவிட்டு, புகை வருகிறதா என்று பார்ப்பார்கள். வந்தால் உடனே அணைத்துவிடுவார்கள். அந்த போர்டில் ஒலி சரியாக வருகிறதா, பட்டன் சரியாக இயங்குகிறதா என்றெல்லாம் பார்க்கும் பேச்சே இல்லை. மென்பொருளிலும் அதே எண்ணம்தான்: இந்த பில்டை டெஸ்ட் செய்ய உட்காரலாமா, வேண்டாமா?

எங்கள் ஆப்புக்கு ஏழு படிகள் வைத்திருந்தோம். ஆப் திறக்கிறதா, லாகின் ஆகிறதா, மதுரையிலிருந்து சென்னைக்கு நாளைய பஸ்களைத் தேடினால் பட்டியல் வருகிறதா, ஒரு சீட்டைத் தேர்ந்தெடுக்க முடிகிறதா, சோதனைக் கணக்கு மூலம் பணம் கட்ட முடிகிறதா, டிக்கெட் எண் வருகிறதா, அந்த டிக்கெட்டை ரத்து செய்ய முடிகிறதா. அவ்வளவுதான். கையால் செய்தாலே கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். தவறான பாஸ்வேர்டு கொடுத்தால் என்ன ஆகும், நேற்றைய தேதியைப் போட்டால் என்ன ஆகும், கடைசி சீட்டை இரண்டு பேர் ஒரே நேரத்தில் எடுத்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் இதில் கிடையாது. அவை முக்கியமில்லை என்பதால் அல்ல, அவற்றுக்கான நேரம் இன்னும் வரவில்லை என்பதால்.

பில்ட் 212 வந்தது. ஆப் திறந்தது, லாகின் ஆனது. பஸ் தேடியதும் சர்வரிலிருந்து 500 என்ற பிழை. மூன்றாவது படியிலேயே நின்றுவிட்டது. அன்று எனக்கு வந்த ஆசை, "தேடல்தானே வேலை செய்யவில்லை, அதுவரை புரொஃபைல் பக்கத்தையாவது பார்த்து முடித்துவிடலாமே" என்பது. வழிநடத்திய அக்கா வேண்டாம் என்று தடுத்தார். காரணம் எளிது: இதைச் சரிசெய்து இன்னொரு பில்ட் வரப்போகிறது, இன்று பார்த்ததை அதில் மறுபடியும் பார்க்க வேண்டியிருக்கும்.

பில்டைத் திருப்பி அனுப்பும் முன் அவர் ஒன்று சொல்லிக்கொடுத்தார். பிழை பில்டில் இருக்கிறதா, அதை ஓடவிட்ட இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். திரையில் தெரியும் பில்ட் எண் உண்மையிலேயே 212 தானா, தேடியபோது சர்வர் லாகில் என்ன பதிவாகியிருக்கிறது என்று பார்த்தோம். பஸ் விவரங்களுக்குப் புதிதாக ஒரு டேபிள் தேவைப்பட்டது, அதை உருவாக்கும் ஸ்கிரிப்டை எங்கள் டெஸ்ட் சர்வரில் யாரும் ஓட்டவில்லை என்று லாகில் தெரிந்தது. ஆக, கோடில் தவறே இல்லை. அப்படியிருந்தும் டெஸ்டிங்கைத் தொடங்க முடியாது என்ற முடிவு மாறவில்லை. மாறியது நாங்கள் எழுதிய குறிப்பு மட்டும்தான்: "தேடல் வேலை செய்யவில்லை" என்பதற்குப் பதில் எந்த பில்ட், எந்த சர்வர், எந்த டேபிள் இல்லை என்று எழுதினோம். அந்த ஸ்கிரிப்டை பில்டோடு தானாக ஓடும்படி சேர்த்து அடுத்ததைத் தந்தார்கள்.

அது பில்ட் 213. ஏழு படிகளும் தேறின. அதற்குப் பிறகுதான் உண்மையான டெஸ்டிங், இரண்டு நாள். அதில் ஒரு பக் கிடைத்தது. பயணத்துக்கு 24 மணி நேரத்துக்கு மேல் இருக்கும்போது ரத்து செய்தால் 10 சதவீதம் மட்டும் பிடிக்க வேண்டும் என்பது எங்கள் விதி. 600 ரூபாய் டிக்கெட்டை ரத்து செய்தால் 540 திரும்ப வர வேண்டும். வந்தது 486. கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் தெரியும்: 600-இல் 10 சதவீதம் போக 540, அதில் மறுபடியும் 10 சதவீதம் போக 486. பிடித்தம் இரண்டு முறை நடக்கிறது.

ஸ்மோக்கில் ரத்து செய்வதும் ஒரு படியாக இருந்ததே, இது ஏன் அங்கே சிக்கவில்லை என்று கேட்கலாம். ஸ்மோக்கில் பார்த்தது ரத்து ஆகிறதா என்பதை மட்டும்தான். தொகை சரியா என்று பார்க்கவில்லை. 'மேலோட்டம்' என்ற சொல்லின் பொருள் எனக்கு அங்கேதான் விளங்கியது.

இனி சானிட்டி. பக்கைச் சரிசெய்து பில்ட் 214 தந்தார்கள். நேர்காணலில் என்னிடம் கேட்டது சரியாக இந்த இடத்தைத்தான். முதலில் செய்ய வேண்டியது ஸ்மோக்தான். ஒரு வரி மாறியிருந்தாலும் இது புது பில்ட், லாகின்கூட உடைந்திருக்கலாம். ஏழு படிகளும் தேறின. அடுத்து, அதே 600 ரூபாய் டிக்கெட்டை ரத்து செய்து பார்த்தோம். 540 வந்தது. பக் போய்விட்டது.

புதிதாகக் கற்கிறவர்கள் பலர் இதையே சானிட்டி என்று நினைத்து நின்றுவிடுகிறார்கள். பிடித்த பக் சரியாகிவிட்டதா என்று அதே படிகளால் மறுபடி பார்ப்பதற்குப் பெயர் ரீடெஸ்டிங். சானிட்டி அதிலிருந்து இன்னும் சில அடிகள் தள்ளிப் போகிறது: இந்தத் திருத்தம் தன்னைச் சுற்றியிருப்பதைக் கெடுத்துவிட்டதா? அதைத் தெரிந்துகொள்ள, கோட் எழுதியவரிடம் எதை மாற்றினார் என்று கேட்டோம். ரத்துத் தொகையைக் கணக்கிடும் இடம் என்றார். சரி, அந்தக் கணக்கை வேறு எங்கெல்லாம் பயன்படுத்துகிறோம் என்று எழுதிப் பார்த்தோம். 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்வது, ஒரே முன்பதிவில் இரண்டு பேர் இருந்து இருவரையும் ரத்து செய்வது, அதில் ஒருவரை மட்டும் ரத்து செய்வது, பிறகு 'என் பயணங்கள்' பக்கத்தில் காட்டும் தொகை. நான்கே நான்கு, அரை மணி நேர வேலை.

மூன்றாவதில் சிக்கியது. இரண்டு பேருக்கு 1,200 ரூபாய், ஒருவரை மட்டும் ரத்து செய்தால் 540 வர வேண்டும். வந்தது 1,080! முன்பு ஆளுக்கு ஒரு கணக்கு, மொத்த முன்பதிவுக்கு ஒரு கணக்கு என்று இரண்டு இடங்களில் பிடித்தம் நடந்திருக்கிறது. அவர் ஆளுக்கான கணக்கை நீக்கிவிட்டு மொத்தக் கணக்கை வைத்திருந்தார். ஒரே பயணி என்றால் இரண்டும் ஒன்றுதான், அதனால்தான் ரீடெஸ்டிங் தேறியது. இரண்டு பேர் என்றதும், ஒருவர் ரத்து செய்தாலும் இருவருக்குமான பணம் திரும்பக் கிடைத்துவிடுகிறது. அந்தக் கணமே 214-ஐத் திருப்பி அனுப்பினோம். மாற்றத்தால் ஆப்பில் வேறு எங்கும் ஏதாவது உடைந்ததா என்று பார்க்கும் முழு ரெக்ரஷனைத் தொடங்கவே இல்லை. 215-இல் மொத்தக் கணக்கை நீக்கி ஆளுக்கான கணக்கை வைத்தார், நான்கும் தேறின, அப்புறம்தான் ரெக்ரஷன்.

ஒன்றைக் கவனியுங்கள். சானிட்டி 'ஆழமானது' என்று எல்லோரும் சொல்வதை நான் இப்போது அப்படியே ஏற்பதில்லை. ரத்து தொடர்பான எல்லாச் சேர்க்கைகளையும் நாங்கள் பார்க்கவில்லை. திருத்தம் நியாயமாக இருக்கிறதா, மேற்கொண்டு நேரம் செலவிடலாமா என்று முடிவெடுக்கப் போதுமான அளவே பார்த்தோம். சீட் தேர்வைப் பற்றியோ பணம் கட்டுவதைப் பற்றியோ அது எதுவும் சொல்லாது. சானிட்டி தேறிவிட்டது என்று ரெக்ரஷனைத் தவிர்த்தால், திருத்தத்துக்குத் தொலைவில் உடைந்தது அப்படியே வெளியே போய்விடும்.

ஸ்மோக் படிகள் பில்டுக்கு பில்ட் மாறாததால் அவற்றை ஆட்டோமேட் செய்வது வழக்கம். பைத்தானில் டெஸ்டுகளை எழுதி ஓட்டும் கருவியான பைட்டெஸ்டைப் பயன்படுத்துகிறவர்கள் அந்த டெஸ்டுகளுக்கு மட்டும் ஓர் அடையாளம் வைத்து, ஒன்று தோற்றாலும் நிற்கும்படி இப்படி ஓட்டலாம்:

```
pytest -m smoke --maxfail=1
```

சானிட்டியில் எதைப் பார்ப்பது என்பது அன்றைய திருத்தத்தைப் பொறுத்தது. அதனால் பெரும்பாலும் கையால்தான் செய்கிறோம். "ஸ்மோக் டெவலப்பர் செய்வது, சானிட்டி டெஸ்டர் செய்வது" என்று சில குறிப்புகளில் படித்திருப்பீர்கள். அதை விதியாகச் சொல்லாதீர்கள், யார் செய்வது என்பது குழுவுக்குக் குழு மாறும்.

டெஸ்டர்களுக்கான சான்றிதழ் தேர்வான ஐ.எஸ்.டி.கியூ.பி. ஃபவுண்டேஷன் தேர்வு எழுதுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 40 கேள்விகள், 60 நிமிடம், தேற 26 சரியாக வேண்டும். அவர்களுடைய சொற்களஞ்சியத்தில் ஸ்மோக் டெஸ்டும் சானிட்டி டெஸ்டும் ஒரே பொருள் தரும் சொற்கள். நாம் நேர்காணலுக்காகப் படிக்கும் வித்தியாசத்தை அங்கே தேடாதீர்கள். திருத்தத்துக்குப் பிறகு பார்ப்பதை அவர்கள் கன்ஃபர்மேஷன் டெஸ்டிங், ரெக்ரஷன் டெஸ்டிங் என்ற பெயர்களால்தான் பிரிக்கிறார்கள். எங்கள் கணக்குப்படி 540 வந்ததைப் பார்த்தது முதலாவது, 1,080-ஐப் பிடித்தது இரண்டாவதின் ஒரு சிறு பகுதி.

இரண்டாவது நேர்காணலில் விளக்கத்தைச் சொல்லாமல் 212 முதல் 215 வரையான கதையைச் சொன்னேன். கேட்டவர் குறுக்கிட்டார்: "ஏழு படியோட எட்டாவதா, டிக்கெட் மெயிலுக்குப் போகுதான்னு ஒண்ணு இருக்குன்னு வைங்க. ஏழு பாஸ், மெயில் மட்டும் ஃபெயில். பில்டைத் திருப்பி அனுப்புவீங்களா?"

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னேன்: "மாட்டேன், மேடம். மெயில் போகலைன்னாலும் மத்ததையெல்லாம் டெஸ்ட் பண்ண முடியும். அதை ஒரு பக்னு பதிவு பண்ணிட்டுத் தொடருவேன். அதோட, தோத்தாலும் வேலையை நிறுத்தாத ஒரு படி ஸ்மோக்ல இருக்கவே கூடாது, அதை ரெக்ரஷனுக்கு மாத்தச் சொல்வேன்."

அவர் அதைக் குறித்துக்கொண்டு, ரெக்ரஷனுக்கான டெஸ்டுகளை எப்படித் தேர்ந்தெடுப்பேன் என்று கேட்கத் தொடங்கினார்.