ஓதம் எங்கிருந்து வருகிறது? குன்னூரில் மழைக்கு முன் எங்கள் அடுக்ககத்தில் செய்த வேலை

குன்னூரில் எங்கள் அடுக்ககத்தில் மூன்று தளங்களிலும் சேர்த்துப் பன்னிரண்டு வீடுகள். பின்பக்கம் மலையை வெட்டி எடுத்து, கருங்கல் தடுப்புச் சுவர் கட்டியிருக்கிறார்கள். அதற்கும் கட்டடத்துக்கும் இடையே மூன்றடிச் சந்து. ஊட்டி, கூடலூர்ப் பக்கம் ஜூன், ஜூலையில் கொட்டும். எங்களுக்குப் பெருமழை என்றால் அது அக்டோபர், நவம்பரில்தான். 2009 நவம்பரில் கேத்தி, குன்னூர்ப் பக்கம் மலை சரிந்ததைப் பார்த்தவர்கள் யாரும் அந்த மாதத்தை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

போன நவம்பரில் மேல் தளத்து டீச்சர் வீட்டுச் சமையலறைக் கூரையில் விளக்கு ஹோல்டரிலிருந்து தண்ணீர் சொட்டியது. முதல் வேலையாக அந்த அறைக்கான மின்சாரத்தை நிறுத்தினோம். தரைத்தளத்தில் இரண்டு வீடுகளின் பின்சுவரில் முழங்கால் உயரம்வரை ஓதம். நடுத்தளத்தில் ஒரு படுக்கையறைச் சுவரில் கரும்பூஞ்சை. சங்கச் செயலாளர் என்ற முறையில் மூன்றும் என் தலையில் வந்து விழுந்தன. பார்க்க வந்த முதல் ஒப்பந்தக்காரர் மாடியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, 2,400 சதுர அடிக்கும் பூச்சு அடிக்கணும், சதுர அடிக்கு 60 ரூபாய் என்றார். 1,44,000 ரூபாய். தண்ணீர் எந்த இடத்தில் இறங்குகிறது என்று கேட்டேன். "எல்லா இடத்துலயும்தான் சார்" என்றார். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை.

பிப்ரவரிக் கடைசியில், தளம் நன்றாகக் காய்ந்திருந்த நேரத்தில், எங்களுக்குப் பழக்கமான கொத்தனார் ஒருவரை அழைத்தேன். அவர் முதலில் மாடியைக் கூட்டச் சொன்னார். சில்வர் ஓக் இலையும் கற்பூர மரத்து இலையும் பாசியும் சேர்ந்து மழைநீர்க் குழாய் வாயைச் சுற்றி மெத்தை மாதிரிக் கிடந்தன. அள்ளியபோது இரண்டு சாக்கு நிறைந்தது. அப்புறம் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிப் பார்த்தார். தண்ணீர் குழாய்வரை வந்து, உள்ளே போகாமல் சுற்றியே நின்றது. முன்பு எப்போதோ குழாய் வாயை ஏற்றி வைத்துப் பூசியிருக்கிறார்கள். விளிம்பு தட்டோட்டை விட அரை அங்குலம் உயரம். வாட்டம் சரியாக இருந்தும் கடைசி ஓரடியில் குளம் கட்டுகிறது.

அடுத்தது தண்ணீர் தேக்கிப் பார்ப்பது. முழு மாடியிலும் தேக்கத்தான் வழக்கமாகச் சொல்வார்கள். கோடை நெருங்கும்போது எங்கள் ஊரில் அவ்வளவு தண்ணீருக்கு எங்கே போவது? அதனால் பத்தடிக்குப் பத்தடியாக மூன்று இடங்களில், செங்கல் வைத்து நாலு அங்குல உயரத்துக்கு வரப்புக் கட்டினோம். ஒன்று குழாய் வாயைச் சுற்றி, ஒன்று மாடியின் நடுவில், ஒன்று கைப்பிடிச்சுவர் மூலையில். ஓர் இடத்தில் இரண்டு அங்குலம் நிற்க ஏறத்தாழ 470 லிட்டர் போதும். ஒன்று முடிந்தபின் அதே தண்ணீரை அடுத்ததற்கு மாற்றிக்கொண்டோம். நீர்மட்டத்தைப் பென்சிலால் வரப்பில் குறித்தோம். கீழே டீச்சர் வீட்டுக் கூரையில் பழைய கறையைச் சுற்றியும் பென்சில் கோடு போட்டோம். புதிதாக நனைந்தால் அந்தக் கோட்டைத் தாண்டித் தெரியும்.

நடுவில் 48 மணி நேரம் நின்றும் ஒன்றும் இல்லை. சில மில்லிமீட்டர் குறைந்தது வெயிலுக்கு. மூலையிலும் கசிவில்லை. குழாய் வாயைத் துணியும் பிளாஸ்டிக்கும் வைத்து அடைத்துக் காலை பத்து மணிக்குத் தண்ணீர் விட்டோம். நாலு மணிக்கு டீச்சர் கீழிருந்து கூப்பிட்டார், "சார், சொட்டுது!" ஓடிப் போய்ப் பார்த்தால் அதே ஹோல்டர். குழாயிலிருந்து அது நாலடி தள்ளி இருக்கிறது. கான்கிரீட்டுக்குள் மின்கம்பி போகும் குழாய் வழியாகத் தண்ணீர் நடந்து வந்திருக்கிறது. கூரையில் சொட்டும் இடத்துக்கு நேர் மேலே உடைத்துப் பார்த்திருந்தால் ஒன்றும் கிடைத்திருக்காது.

குழாயைச் சுற்றி ஓரடிச் சதுரத்துக்குக் கொத்தி எடுத்தார்கள். பிவிசி குழாய்க்கும் தளத்துக்கும் நடுவே ஓர் ஒரு ரூபாய் நாணயம் செங்குத்தாக நுழைகிற இடைவெளி! பிளாஸ்டிக்கோடு சிமெண்ட் நன்றாகப் பிடிக்காது, காயக் காயச் சுருங்கி விலகிக்கொள்ளும். குழாயை அறுத்துத் தாழ்த்தி, பக்கத்தை உப்புத்தாள் வைத்துச் சொரசொரப்பாக்கி, இடைவெளியில் சுருங்காத கிரவுட் என்ற சிமெண்ட் கலவையை ஊற்றினார். அதன்மேல் சிமெண்டும் பாலிமர் திரவமும் கலந்த பூச்சு, அது ஈரமாக இருக்கும்போதே கண்ணாடியிழை வலை, மறுநாள் குறுக்கு வாக்கில் இன்னொரு பூச்சு. பூச்சைக் குழாயின் உள்பக்கமும் நாலு அங்குலம் இறக்கிவிட்டார். கடைசியாக வாயில் குமிழ் வடிவச் சல்லடை. தட்டையான சல்லடையை நாலு இலை மூடிவிடும். குமிழ் என்றால் பக்கவாட்டிலாவது தண்ணீர் இறங்கும்.

அக்ரிலிக் பூச்சை அடித்தால் என்ன என்று கேட்டேன். "பனி எறங்குறதுக்குள்ள காயலேன்னா பால் மாதிரிக் கரைஞ்சு ஓடிரும் சார்" என்றார். எங்கள் ஊரில் மூன்று மணிக்கே மூடுபனி ஏறிவிடும். சிமெண்ட் சேர்ந்த பூச்சு கொஞ்சம் ஈரமான தளத்திலும் பிடிக்கும். தட்டோடுகளைச் சுத்தியல் காம்பால் தட்டிப் பார்த்து, பொள்ளல் சத்தம் வந்த பதினெட்டு ஓடுகளை மட்டும் எடுத்து மறுபடி பதித்தோம். எல்லாம் சேர்த்து முதலில் சொன்ன தொகையில் கால்வாசிகூட ஆகவில்லை.

நடுத்தளத்துப் பூஞ்சைக்கு மழை காரணமே இல்லை. சுவரில் ஓரடிச் சதுரத்துக்கு அலுமினியத் தாளை ஒட்டி, நாலு பக்கமும் டேப் போட்டு இரண்டு நாள் விட்டோம். அறைப் பக்கம் நீர்த்துளி, பின்பக்கம் காய்ந்து இருந்தது. உள்ளே உள்ள ஈரக்காற்று குளிர்ந்த சுவரில் பட்டு நீராகிறது. பீரோவை ஒரு சாண் முன்னே இழுத்தார்கள், மதியத்தில் ஜன்னலைத் திறந்து வைத்தார்கள். அவ்வளவுதான்.

தரைத்தளம்தான் என்னை உண்மையிலேயே பயமுறுத்தியது. தடுப்புச் சுவரில் மண்ணுக்குள் இருக்கும் தண்ணீர் வெளியேற மூன்று அங்குலக் குழாய்கள் வரிசையாக வைத்திருப்பார்கள். எங்கள் சுவரில் பதினாலு. சந்து அசிங்கமாகிறது என்று ஐந்தை யாரோ சிமெண்ட் வைத்து அடைத்திருந்தார்கள். மீதியில் பாதி மண் அடைந்து கிடந்தது. வழியில்லாமல் தேங்குகிற தண்ணீர் சுவரையே தள்ளும். அடியில் புகுந்து வீட்டுச் சுவரிலும் ஏறும். அடைத்ததை உளியால் திறந்து, நாலடிக் கம்பியால் ஒவ்வொன்றாகக் குத்தினோம். ஒரு துளையில் முதலில் களிமண், பிறகு செந்நிறத் தண்ணீர், பத்து நிமிடம் கழித்துத் தெளிந்த தண்ணீர். தெளிந்தால் நல்லது. விடாமல் மண்ணாகவே வந்தால் பின்னால் ஜல்லி இல்லை, சுவருக்கு உள்ளே குடைகிறது என்று பொருள். அப்படி ஒன்று இருந்தது. அதற்குக் கட்டடப் பொறியாளரை அழைத்துக் காட்டி, வலையும் ஜல்லியும் வைத்துச் சரிசெய்தோம். சந்துக் கால்வாயில் முக்கால் அடி வண்டல் எடுத்தோம்.

அக்டோபரில் முதல் பெருமழை அன்று இரவு டார்ச்சும் குடையுமாகச் சந்துக்குப் போனேன். பதினாலு துளையில் பதிமூன்றில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. வராத ஒன்றைச் சுண்ணாம்பால் குறித்துவிட்டு வந்தேன். மேலே டீச்சர் வீட்டுக் கூரையில் பென்சில் கோடு அப்படியே இருந்தது. தரைத்தளத்துச் சுவர் மட்டும் இன்னும் உப்புப் பூக்கிறது. உள்ளே ஊறிய ஈரம் வெளியே வர மாதங்கள் ஆகும். அதுவரை பெயின்ட் அடிக்க வேண்டாம் என்று அந்த இரண்டு வீட்டுக்காரர்களிடமும் சொல்லி, பூச்சை உரித்த சுவரைத் திறந்தே விட்டிருக்கிறோம். மார்ச்சில் மறுபடி அலுமினியத் தாளை ஒட்டிப் பார்க்க வேண்டும்.